வெளிநாட்டுச் சம்பளத்தை எந்த விகிதத்தில் மாற்றிப் பார்ப்பது?

கேள்வி: எனக்கு இரண்டு வேலைவாய்ப்புகள் வந்திருக்கின்றன. சொந்த நாட்டில் மாதம் 1,40,000. வெளிநாட்டில் அந்த நாட்டுப் பணத்தில் மாதம் 5,000. இன்றைய மாற்று விகிதம் 1-க்கு 60 என்பதால் அது 3,00,000 ஆகிறது, இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் நண்பர் ஒருவர் வாங்கும் திறன் சமநிலை (பிபிபி) விகிதம் 20தான், அதனால் உண்மையில் அது 1,00,000-க்குத்தான் சமம் என்கிறார். எதை நம்புவது?

பதில்:

இரண்டு விகிதமும் சரிதான். நண்பர் சொல்லும் 20 என்பது, அங்கே 1-க்குக் கிடைப்பதை இங்கே வாங்க 20 ஆகும் என்ற விலைவாசி ஒப்பீடு. முழுச் சம்பளத்தையும் ஒரே விகிதத்தால் பெருக்குவதுதான் சிக்கல். நீங்கள் வாங்கப்போகும் பணம் இரண்டு பங்காகப் பிரியும். ஒரு பங்கு அங்கேயே செலவாகும். அதன் மதிப்பு அந்த ஊர் விலைவாசியில்தான் இருக்கிறது, அதற்கு 20-ஐ ஒட்டிய விகிதம் பொருந்தும். மற்றொரு பங்கு மிச்சமாகி வீட்டுக்கு வரும். வங்கி அதை 60-க்குத்தான் மாற்றித் தரும். எனவே முதலில் தெரியவேண்டியது, 5,000-இல் எவ்வளவு அங்கே தங்கும், எவ்வளவு திரும்பி வரும் என்பதே.

அதற்குமுன் நண்பர் சொன்ன 20-ஐப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். இந்த விகிதங்களுக்கு அடிப்படை, உலக வங்கி ஒருங்கிணைக்கும் சர்வதேச ஒப்பீட்டுத் திட்டம். 2021-ஆம் ஆண்டு விலைகளை வைத்து 176 பொருளாதாரங்களுக்குக் கணக்கிட்ட முடிவுகள் 2024-இல் வெளியாயின. உலக வங்கியின் தரவுப் பக்கத்தில் இதற்கு இரண்டு தொடர்கள் உண்டு. `PA.NUS.PPP` என்பது நாட்டின் மொத்த உற்பத்திக்கானது. அதில் பாலம், இயந்திரம், அரசுச் சேவைகள் எல்லாம் சேர்ந்திருக்கும். உங்களுக்கு வேண்டியது குடும்பங்களின் நுகர்வை மட்டும் பார்க்கும் `PA.NUS.PRVT.PP`. இரண்டுமே அமெரிக்க டாலரை அடிப்படையாகக் கொண்டவை. நீங்கள் போகும் நாடு அமெரிக்கா இல்லையென்றால், உங்கள் நாட்டின் எண்ணைப் போகும் நாட்டின் எண்ணால் வகுக்கவேண்டும். உங்கள் நாட்டுக்கு 22, அந்த நாட்டுக்கு 1.1 என்றால் விகிதம் 20. இந்த வகுத்தலை விட்டுவிட்டு முதல் எண்ணையே எல்லா நாட்டுக்கும் பயன்படுத்துகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். நண்பர் எப்படிக் கணக்கிட்டார் என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

சரியாக எடுத்திருந்தாலும் அது நாடு முழுவதற்குமான சராசரி. பெருநகர வாடகையும் சிற்றூர் வாடகையும் அதில் கலந்திருக்கும். உங்களைப் போன்றவரின் செலவுப் பட்டியல் அதில் இல்லை. அதனால் 20-ஐத் தொடக்கக் குறிப்பாக மட்டும் வைத்துக்கொண்டு, சொந்தப் பட்டியலைப் போடுங்கள். ஒரு மாதிரிக் கணக்கைக் காட்டுகிறேன். விலைகள் நான் எடுத்துக்கொண்டவை, அவற்றின் இடத்தில் உங்களுடையதை வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கைக்கு வரும் தொகை. சொந்த நாட்டில் பிடித்தம் போக 1,20,000 வருகிறது என்று கொள்வோம். வெளிநாட்டில் வருமான வரி, சமூகக் காப்பீடு எல்லாம் போக 5,000-இல் 3,800 நிற்கிறது. இதற்குப் பிறகு 5,000 என்ற எண்ணை மறந்துவிடலாம்.

அடுத்து, இப்போது வாழும் வாழ்க்கையின் விலை. உள்நாட்டில் வாடகை 25,000, உணவும் மளிகையும் 18,000, போக்குவரத்து 7,000, வீட்டு வேலைக்கு ஆள் வைப்பது, வெளியே சாப்பிடுவது, முடிதிருத்துவது போன்ற சேவைகளுக்கு 9,000, உடையும் மின்சாதனங்களும் 6,000, மின்சாரமும் தொலைபேசியும் 5,000. மொத்தம் 70,000. மிச்சம் 50,000.

அதே வாழ்க்கை அங்கே: வாடகை 1,400, உணவு 600, போக்குவரத்து 150, சேவைகள் 900, உடையும் மின்சாதனங்களும் 120, மின்சாரமும் தொலைபேசியும் 230. மொத்தம் 3,400. மிச்சம் 400. வீட்டுக்கு வரும்போது அது 24,000. தாளில் இரண்டு மடங்காகத் தெரிந்த வேலை, இப்போது சேமிக்கும் 50,000-இல் பாதியைக்கூடத் தரவில்லை. நண்பர் எச்சரித்தது இதைத்தான். இந்த இடத்தில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆனால் வரிசையாக வகுத்துப் பாருங்கள். உடை, மின்சாதனங்களில் 6,000-க்கு 120, அதாவது விகிதம் 50. உணவில் 30. வாடகையில் ஏறத்தாழ 18. சேவைகளில் வெறும் 10. இந்த இறங்குவரிசைக்குக் காரணம் இருக்கிறது. கப்பலில் ஏறி எல்லை தாண்டக்கூடிய பொருளின் விலை உலகெங்கும் ஓரளவு நெருங்கி வரும், எனவே அதன் விகிதம் சந்தை விகிதத்தை ஒட்டியிருக்கும். முடிதிருத்துபவரின் உழைப்பும் ஒரு வீட்டின் நான்கு சுவர்களும் எல்லை தாண்டமாட்டா. அந்த ஊர்க் கூலியும் நிலமதிப்பும் அவற்றின் விலையைத் தீர்மானிக்கின்றன. தொழில்துறையில் உற்பத்தித்திறன் மிகுந்த நாட்டில் மற்ற வேலைகளுக்கும் கூலி ஏறிவிடும் என்பதை பெலா பலாசா, பால் சாமுவேல்சன் என்ற இரு பொருளியலாளர்கள் 1964-இல் தனித்தனியே விளக்கினார்கள். உங்கள் பட்டியலில் எந்தச் செலவில் அங்கே பணம் கரையும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்: பிறர் உழைப்பும் இடமும் எவ்வளவு சேர்ந்திருக்கிறதோ, அவ்வளவுக்கு அது அங்கே கனக்கும்.

அங்கே போகிறவர்களும் இதைச் சில மாதங்களில் உணர்ந்து வாழ்க்கையை மாற்றிக்கொள்கிறார்கள். வீட்டு வேலையைத் தாங்களே செய்கிறார்கள், சிறிய வீட்டுக்கு மாறுகிறார்கள். நம் கணக்கில் சேவைகள் 900-இலிருந்து 200-ஆகவும், வாடகை 1,000-ஆகவும் குறைகின்றன என்று வைப்போம். மொத்தச் செலவு 2,300. மிச்சம் 1,500. வீட்டுக்கு 90,000.

இங்கே பலர் 90,000-ஐ 50,000-உடன் ஒப்பிட்டு 40,000 லாபம் என்று பூரித்துப்போகிறார்கள். எனக்கு இதில்தான் ஆதங்கம். 50,000 என்பது பெரிய வீட்டிலும் உதவிக்கு ஆள் வைத்தும் வாழ்ந்தபோது மிஞ்சியது. சிறிய வீட்டில் எல்லாவற்றையும் தாமே செய்துகொள்ளும் அதே வாழ்க்கையைச் சொந்த நாட்டில் வாழ்ந்தால் வாடகை 16,000, சேவைகள் 2,000 என்று செலவு 54,000-இல் முடியும். மிச்சம் 66,000. ஆக உண்மையான லாபம் 24,000. வசதியைக் குறைத்ததால் வந்த சேமிப்பை வெளிநாட்டு வேலையின் கணக்கில் எழுதக்கூடாது. அந்தக் குறைப்பை உள்ளூரிலும் செய்ய உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இரண்டு ஒப்பீடுகளையும் பக்கத்தில் வையுங்கள். வசதியான வாழ்க்கைக்கு வெளிநாடு மாதம் 26,000 நட்டம். சிக்கனமான வாழ்க்கைக்கு 24,000 லாபம். ஒரே சம்பளம், ஒரே ஊர், ஆனால் விடை தலைகீழாகிறது. அங்கே நீங்கள் குறைக்கும் ஒவ்வொரு 1-உம் இங்கே 60 ஆகிறது. அதே வசதியை இங்கே குறைத்தால் சராசரியாக 15-தான் மிஞ்சும். சிக்கனக்காரருக்கு வெளிநாடு ஏன் கைகொடுக்கிறது என்பதற்கு இந்த இடைவெளியே விளக்கம். இரண்டு முனைக்கும் நடுவில், அங்கே மாதச் செலவு ஏறத்தாழ 2,800 ஆகும்போது இரண்டு வேலையும் சமமாகின்றன. உங்கள் எண்களுக்கும் இப்படி ஒரு சமப்புள்ளி கிடைக்கும். எந்த ஒற்றை விகிதத்தையும்விட அது உங்களுக்குப் பயன்படும்.

இந்த முறை ஓர் அனுமானத்தில் நிற்கிறது: சேமிப்பைச் சொந்த நாட்டில் செலவிடுவீர்கள் என்பது. அங்கேயே வீடு வாங்கிக் குடியேறும் எண்ணம் இருந்தால் 60 என்ற விகிதத்துக்கு வேலையே இல்லை. மிச்சப்படும் 1,500-உம் அந்த ஊர் விலையில்தான் வீடாக மாறும். அப்போது நண்பரின் கணக்குதான் உண்மைக்கு அருகில் இருக்கும். திரும்பி வருவதா, தங்குவதா என்று முடிவாகவில்லை என்றால், இரண்டு கணக்கையும் தனித்தனியே போட்டு வைத்துக்கொள்வதே நேர்மையான வழி.

கணக்கில் விட்டுப்போகிறவற்றில் பெரியது துணையின் வருமானம். உடன் வருபவருக்கு வேலை அனுமதி கிடைக்காவிட்டால் அவருடைய சம்பளம் முழுவதையும் வெளிநாட்டுப் பக்கத்தில் கழிக்கவேண்டும். குழந்தை இருந்தால் பகல்நேரப் பராமரிப்புக் கட்டணத்தை முதலில் விசாரியுங்கள். அது முழுக்கப் பிறர் உழைப்பு, எனவே சேவைகளிலேயே மிகக் கனமானதாக இருக்கக்கூடும். ஓய்வூதியப் பிடித்தம் நாட்டைவிட்டுப் போகும்போது திரும்பக் கிடைக்குமா என்பதும் நாட்டுக்கு நாடு வேறுபடும். கிடைக்கும் என்றால் அது வரி அன்று, தள்ளிப்போன சேமிப்பு.

கடைசியாக, எந்த எண் சற்று நகர்ந்தால் முடிவு கவிழ்கிறது என்று சோதித்துப் பாருங்கள். சிக்கனக் கணக்கில் மாற்று விகிதம் 60-இலிருந்து 54-ஆக இறங்கினால் 90,000 என்பது 81,000 ஆகும். உள்நாட்டு 66,000-ஐ அது இன்னும் தாண்டி நிற்கிறது. ஆனால் 1,000-க்கு வீடு கிடைக்காமல் 1,300 கொடுக்க நேர்ந்தால் மிச்சம் 1,200, அதாவது 72,000. லாபம் 6,000-ஆகச் சுருங்கிவிடுகிறது. பலரும் தினமும் மாற்று விகிதத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்த நேரத்தை, அலுவலகத்துக்குப் போய்வரும் தொலைவில் உண்மையில் என்ன வாடகைக்கு வீடு கிடைக்கிறது என்று அங்கே வசிப்பவர்களிடம் கேட்பதில் செலவிடுவேன். ஒப்பந்தத்தில் முதல் சில மாத வாடகையையோ குடியேற்றப்படியையோ எழுதி வாங்கவும் முயல்வேன்.