ராஜினாமா கடிதத்தில் ஒரு தேதி, பணிக்கொடையில் 75,000 ரூபாய்

கேள்வி: வணக்கம் சார். சென்னையில் ஒரு நாடகக் குழுவில் 2008 ஜூன் 9 முதல் உடை வடிவமைப்பாளராக இருக்கிறேன். வயது 43. சம்பளம் 32,000, அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 26,000. பி.எஃப். பிடிக்க ஆரம்பித்தது 2013 ஏப்ரலில்தான், நியமனக் கடிதமும் அப்போதுதான் தந்தார்கள். சொந்தமாகத் தையலகம் வைக்க இடம் பார்த்துவிட்டேன், டிசம்பர் 1 முதல் வாடகை 14,000. ராஜினாமா கடிதத்தில் "2013 முதல் தங்களிடம் பணிபுரிந்து வரும் நான் 2026 நவம்பர் 30 அன்று விலகுகிறேன், எனக்குத் தங்களிடமிருந்து எந்த எதிர்பார்ப்பும் இல்லை, உங்கள் ஆசி போதும்" என்று எழுதியிருக்கிறேன். இது போதுமா? பி.எஃப்.பில் இருக்கும் 5.4 லட்சத்தை எடுத்து நான்கு மெஷின் வாங்கலாமா?

பதில்: அந்தக் கடிதத்தை இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதியதில் மரியாதை இருக்கிறது, நன்றி இருக்கிறது, அதெல்லாம் அப்படியே இருக்கட்டும். ஆனால் மூன்று இடங்களில் உங்கள் பணம் ஒழுகுகிறது.

முதலில் 2013. நியமனக் கடிதத்தில் இருப்பதைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டீர்கள், அதுதான் மூன்றிலும் பெரிய ஓட்டை. பணிக்கொடைக்கு பி.எஃப். எப்போது பிடித்தார்கள் என்பது கணக்கே இல்லை, நீங்கள் எப்போது வேலையில் சேர்ந்தீர்கள் என்பதுதான் கணக்கு. 1972-ஆம் வருடப் பணிக்கொடைச் சட்டமானாலும் அதன் இடத்துக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பானாலும் வழி ஒன்றுதான்: கடைசியாக வாங்கிய அடிப்படையையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கினால் ஒரு வருடத்துக்கான தொகை. உங்களுக்கு அது சரியாக 15,000. ஷோவுக்கு ஷோ தரும் பேட்டா இதில் சேராது. 2008-லிருந்து எண்ணினால் 19 வருடம், 2,85,000 ரூபாய். 2013 ஏப்ரலிலிருந்து எண்ணினால் 14 வருடம், 2,10,000. எழுபத்தைந்தாயிரம் ரூபாயை உங்கள் கையெழுத்திலேயே விட்டுக்கொடுக்கப் பார்த்தீர்கள்.

அந்த முதல் ஐந்து வருடத்துக்குச் சம்பளம் ரொக்கமாக, வவுச்சரில் வந்திருக்கும் என்று நினைக்கிறேன், நாடகக் குழுக்களில் அதுதான் வழக்கம். அப்படியானால் சாட்சி எங்கே என்று பயப்பட வேண்டாம். பழைய நாடக நோட்டீஸ், சபா அழைப்பிதழ், விழா மலர் எதையாவது எடுத்துப் பாருங்கள். கடைசிப் பக்கத்தில் ஒளி, ஒலி, ஒப்பனைக்குக் கீழே "உடை அலங்காரம்" என்று போட்டு உங்கள் பெயர் அச்சாகியிருக்கும், தேதியோடு. 2008-லிருந்து 2013 வரை வருடத்துக்கு இரண்டு மூன்று கிடைத்தாலே நல்ல ஆதாரம். அந்தக் காலத்து வவுச்சர் நகல், வங்கிப் புத்தகம் ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள். கொரோனா காலத்தில் மேடையே இல்லாமல் இருந்த மாதங்களைக் கழிப்போம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், தொழிலாளியின் தவறு இல்லாமல் வேலை நின்றுபோன காலம் தொடர்ச்சியான பணியாகவே கருதப்படும்.

அப்புறம் நவம்பர் 30. முழு வருடங்கள் போக மிஞ்சும் காலம் ஆறு மாதத்தைத் தாண்டினால்தான் அதை ஒரு முழு வருடமாக எடுத்துக்கொள்வார்கள். நவம்பர் 30-ல் நீங்கள் கிளம்பினால் 18 வருடம், ஐந்து மாதம், சில நாட்கள். அந்த ஐந்து மாதமும் வீணாகி 18 வருடத்துக்கு மட்டும் பணம் வரும். டிசம்பர் 9 தாண்டிவிட்டால் 19. பத்து நாளில் 15,000. நான் டிசம்பர் 31 வரை இருக்கச் சொல்வேன், அந்த மாதச் சம்பளமும் சேரும். கடை வாடகை 14,000 சும்மா போகுமே என்பீர்கள். வீட்டுக்காரரிடம் பேசிப் பாருங்கள், மர வேலைக்கும் மின் இணைப்பு வேலைக்கும் என்று சில வாரமாவது வாடகை இல்லாமல் விடுபவர்கள் உண்டு. அவர் விடாவிட்டாலும் நஷ்டம் இல்லை. மார்கழியில் புதுக்கடை திறக்க உங்கள் வீட்டிலேயே யோசிப்பார்கள், கல்யாண ப்ளவுஸ் ஆர்டர் வருவதும் தை முகூர்த்தங்களுக்குத்தான்.

மூன்றாவது, "எந்த எதிர்பார்ப்பும் இல்லை". பணிக்கொடையை இப்படி ஒரு வரியால் விட்டுக்கொடுக்க முடியாது, சட்டம் அதை ஏற்காது. ஆனாலும் அந்த வரி இருந்தால் இழுத்தடிக்க ஒரு காரணம் கிடைத்துவிடும், எடுக்காத விடுப்புக்கான பணம் போன்றவை உண்மையாகவே கைநழுவலாம். என்னிடம் வந்த ஒரு மேடை ஒளியமைப்பாளர் இப்படித்தான், பெரியவர் மனம் கோணக் கூடாது என்று "கணக்கு எல்லாம் முடிந்தது" என எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு அந்தக் காகிதத்தையே திரும்பத் திரும்பக் காட்டுகிறார்களே என்று ஒன்றரை வருடம் அலைந்தார். பாசத்தை நேரில் சொல்லுங்கள், காலில் விழுந்து ஆசி வாங்குங்கள். காகிதத்தில் கணக்கு மட்டும் இருக்கட்டும்.

உங்கள் வேலையில் இன்னொரு விஷயம் உண்டு, மற்ற வேலைகளில் இவ்வளவு வராது: பெட்டிகளை ஒப்படைப்பது. பதினெட்டு வருடத்து உடைகள் உங்கள் பொறுப்பில் இருக்கின்றன. கடைசி வாரத்தில் ஒரு நாள் மேலாளரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பெட்டி பெட்டியாகத் திறந்து எழுதுங்கள். "ராஜபார்ட் வெல்வெட் அங்கி, சிவப்பு, 2, ஒன்றில் இடது கை ஜரிகை கறுத்திருக்கிறது. புஜகீர்த்தி 3 ஜோடி. கிரீடம் 4, ஒன்றில் முன்பக்கக் கல் இரண்டு இல்லை." இந்த அளவுக்கு. குறையையும் சேர்த்து எழுதுவதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு, ஆறு மாதம் கழித்து ஏதாவது கிழிந்திருந்தால் அது உங்கள் தலையில் விழாது. கோடவுன் தெருவில் துணி, சௌகார்பேட்டையில் லேஸ் என்று வாங்க எடுத்த முன்பணத்துக்கும் பில் கொடுத்து நேர் செய்துவிடுங்கள். பட்டியலில் இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு பிரதி.

நீங்கள் வரைந்த உடைப் படங்களையும் பேப்பர் கட்டிங்குகளையும் மட்டும் சொல்லாமல் எடுத்துப் போகாதீர்கள். வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், வேலையில் இருக்கும்போது குழுவுக்காக வரைந்தவற்றின் பதிப்புரிமை குழுவுக்கே போகும். வரைந்த கை உங்களுடையது என்பது எனக்குப் புரிகிறது. அதனால்தான் கேட்டு வாங்கச் சொல்கிறேன், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

கடிதம் இவ்வளவு இருந்தால் போதும்:

"மதிப்பிற்குரிய ஐயா,
2008 ஜூன் 9 முதல் தங்கள் குழுவில் உடை வடிவமைப்பாளராகத் தொடர்ந்து பணியாற்றி வருகிறேன். சொந்தத் தையலகம் தொடங்க இருப்பதால் பணியிலிருந்து விலக விரும்புகிறேன். எனது கடைசிப் பணி நாள் 2026 டிசம்பர் 31. அதற்குள் என் பொறுப்பில் உள்ள உடைகளையும் நகைகளையும் பட்டியலிட்டு ஒப்படைக்கிறேன், துணி வாங்கிய முன்பணத்துக்கும் கணக்குத் தருகிறேன். எனக்குச் சேர வேண்டிய பணிக்கொடை, எடுக்காத விடுப்புக்கான தொகை, டிசம்பர் மாதச் சம்பளம் ஆகியவற்றையும் பணி அனுபவச் சான்றிதழையும் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நான் வரைந்த உடை வடிவங்களின் நகலை என்னிடம் வைத்துக்கொள்ளவும் அனுமதி வேண்டுகிறேன். இத்தனை வருடங்கள் இந்த மேடைக்குத் தைக்க வாய்ப்புக் கொடுத்ததற்கு என்றும் நன்றி."

நியமனக் கடிதத்தில் ஒரு மாத நோட்டீஸ் என்று இருந்தால் நவம்பர் 30-க்குள் கொடுங்கள், இரண்டு மாதம் என்றால் அக்டோபர் இறுதிக்குள். நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள், மின்னஞ்சலிலும் ஒன்று அனுப்புங்கள். இனிமேல் குழுவின் உடைகளை உருப்படிக்கு இவ்வளவு என்று நீங்களே வெளியிலிருந்து தைத்துக் கொடுக்கும் யோசனை இருந்தால் அதை இந்தக் கடிதத்தில் கலக்காதீர்கள். இரண்டும் ஒரே காகிதத்தில் இருந்தால் பாக்கியை வைத்து விலை பேசுவார்கள். பணிக்கொடை கைக்கு வந்தபிறகு தனியாக விலைப்பட்டியல் கொடுங்கள்.

குழுவில் இப்போது பத்துப் பேர்கூட இல்லை, அதனால் பணிக்கொடை கிடையாது என்றும் சொல்லிப் பார்ப்பார்கள். பத்துப் பேர் இருந்த காலத்தில் ஒருமுறை சட்டத்துக்குள் வந்துவிட்டால், பிறகு ஆள் குறைந்தாலும் அது விடாது. வேலையை விட்டு 30 நாளுக்குள் தர வேண்டும், தாமதித்தால் வட்டியோடு. தராவிட்டால் தொழிலாளர் துறையில் இதற்கென்றே இருக்கும் அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். 20 லட்சம் வரை வரம்பு என்பதால் உங்கள் தொகைக்கு வருமான வரியும் இல்லை.

சரி, பி.எஃப். அதைத் தொடாதீர்கள் என்பதுதான் என் பதில். 2013-லிருந்து பத்து வருடம் தாண்டிவிட்டதால் 58 வயதில் உங்களுக்கு ஓய்வூதியம் உண்டு, இன்றைய கணக்குப்படி மாதம் மூவாயிரத்துக்குச் சற்றுக் கீழே வரும். பி.எஃப்.பில் ஓய்வூதியத்துக்கென்று போன பங்கை இனி ரொக்கமாக எடுக்க முடியாது, அந்தப் பணிக்காலத்தைக் காட்டும் திட்டச் சான்றிதழ் மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளலாம். மிச்சமுள்ள 5.4 லட்சம்தான் உங்கள் முதுமைக்கு இருக்கும் ஒரே பெரிய சேமிப்பு, இனிமேல் அதில் யாரும் மாதாமாதம் போடப் போவதில்லை. அதைக் கொண்டுபோய் முதல் வருடமே மெஷினில் போட வேண்டாம். வேலையை விட்டதும் உங்கள் பி.எஃப். கணக்கில் விலகிய தேதியைக் குழு பதிவு செய்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மாதம் ஆகியும் செய்யவில்லை என்றால் ஆதார் ஓ.டி.பி. வைத்து நீங்களே பதிவு செய்யலாம்.

நான்கு மெஷினும் இப்போது வேண்டாம். தைப்பது முதலில் நீங்களும் ஒரு உதவியாளரும்தானே. சர்வோ மோட்டாரோடு ஒரு பவர் மெஷின் சுமார் 25,000 முதல் 30,000 வரை ஆகும், ஓவர்லாக் ஒன்றும் ஏறக்குறைய அந்த விலை. வெட்டும் மேசை, இஸ்திரி, கண்ணாடி எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்குள் கடை ஓட ஆரம்பிக்கும். 2,85,000-ல் அது போக மீதியில் ஆறு மாத வாடகை 84,000-ஐத் தனியாக ஒரு வைப்பில் போடுங்கள். மிஞ்சும் ஒரு லட்சம் வீட்டுச் செலவுக்கு, ஏனென்றால் துணி தைக்கக் கொடுப்பவர்கள் முன்பணம் கொஞ்சமாகத் தருவார்கள், மீதியை உடையை வாங்கும் அன்றுதான் தருவார்கள். மூன்றாவது மெஷினை, வந்த ஆர்டரைத் தைத்து முடிக்க முடியாமல் தொடர்ந்து இரண்டு மாதம் திருப்பி அனுப்பும் நிலை வரும்போது வாங்குங்கள், அன்றைக்கு முத்ரா கடன் கேட்டாலும் ஆர்டர் நோட்டைக் காட்டிக் கேட்கலாம்.

பணிக்கொடை ஜனவரி இறுதிக்குள் வர வேண்டும். வராமலும் போகலாம், அதனால் அந்தப் பணத்தை நம்பி மெஷின் கடையில் தேதி சொல்லிவிடாதீர்கள். டிசம்பர் சம்பளத்தில் ஒரு மெஷினை மட்டும் வாங்கிப் போடுங்கள், ஓவர்லாக்குக்குத் தெருமுனைக் கடையில் கூலி கொடுத்து அடித்து வாங்கலாம்.