போட்டோவை சினிமா பேனர் ஓவியமாக்க எந்த மாடல்? கேள்வி பதில்

ரமணி, திருவல்லிக்கேணி: அண்ணா, அறுபதாம் கல்யாண வீட்டுல 38 போட்டோ கொடுத்து, பழைய மவுண்ட் ரோடு சினிமா பேனர் மாதிரி கையால வரைஞ்ச படமா வேணும்ங்கறாங்க. 12 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டுதான் இருக்கு. முழு செக்பாயிண்ட்டா, லோராவா, சொன்னா மாத்தித் தர்ற எடிட்டிங் மாடலா?

எடிட்டிங் மாடலில் தொடங்குங்கள். இந்த வேலையில் மாற வேண்டியது தூரிகையும் நிறமும் மட்டும். முகமும் நகையும் உட்கார்ந்திருக்கும் விதமும் அப்படியே நிற்க வேண்டும். சாதாரண செக்பாயிண்ட், அதாவது முழு மாடல் கோப்பு, எழுத்திலிருந்து படம் உண்டாக்கப் பழகியது. அதற்குப் போட்டோவைக் கொடுத்தால், அதன்மேல் இரைச்சலைத் தூவி, அந்த இரைச்சலை நீக்கிக்கொண்டே வரும்போது தனக்குப் பழக்கமான ஒரு முகத்தை வைத்துவிடும். எடிட்டிங் மாடலோ மூலப் படத்தைக் கடைசிவரை பார்த்துக்கொண்டேதான் புதுப் படத்தைப் போடுகிறது. லோரா தனியாக ஓடாது, ஒரு பெரிய மாடலின்மேல் உட்காரும் சின்னக் கோப்பு அது. SDXL என்ற பட மாடலின் செக்பாயிண்ட் 7 ஜிபிக்குப் பக்கம் வரும், அதற்கான லோரா பெரும்பாலும் சில நூறு எம்பிக்குள் அடங்கிவிடும். அதனால் லோராவைப் பற்றி இப்போதே கவலை வேண்டாம், தேவைப்பட்டால் பிறகு சேர்க்கலாம்.

நான் போடுவது Qwen-Image-Edit. 2025 ஆகஸ்டில் வந்தது, 2000 கோடி பாராமீட்டர், அப்பாச்சி 2.0 உரிமம் என்பதால் காசு வாங்கிச் செய்யும் வேலைக்கும் தடையில்லை. FLUX.1 Kontext dev இதைவிடச் சின்னது, 1200 கோடிதான், ஆனால் அதன் உரிமம் வணிகம் சாராத பயன்பாட்டுக்கு. நீங்கள் கடை நடத்துகிறீர்கள், அதைத் தொட வேண்டாம். உங்கள் கார்டில் 4 பிட்டுக்குச் சுருக்கிய GGUF கோப்பு ஓடும். கொள்ளாததை ராமில் தள்ள வேண்டும், அதனால் மெதுவாகத்தான் வரும். வாக்கியம் இவ்வளவு போதும்:

```
Repaint this photo as a hand-painted cinema banner, thick brush strokes.
Keep faces, jewellery, pose and framing unchanged.
```

திருத்தம் வேண்டுமென்றால் வந்த படத்தையே திரும்பக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் முகம் கொஞ்சம் கரையும். எப்போதும் மூலப் போட்டோவிலிருந்தே தொடங்குங்கள்.

கார்த்திக், வேளச்சேரி: எடிட்டிங் மாடலே தேவையில்ல சார். நல்ல SDXL செக்பாயிண்ட், டீநாய்ஸ் 0.4, கூடவே கண்ட்ரோல்நெட். முகம் அசையாது. நான் அப்படித்தான் பண்றேன்.

பாதி சரி தம்பி. டீநாய்ஸ் என்பது மூலப் போட்டோவை எவ்வளவு மாற்றலாம் என்ற அளவு. 0.4-ல் முகம் நிற்கும், ஆனால் பேனர் வராது. பட்டுப்புடவையில் இருக்கும் ஒரு அத்தையின் போட்டோவை மூன்று அளவில் ஓட்டிப் பார்த்தேன். 0.4-ல் போட்டோவின்மேல் ஃபில்டர் போட்ட மாதிரி இருந்தது. 0.55-ல் கன்னத்தில் தூரிகைத் தடம் தெரிய ஆரம்பித்தது, கூடவே மூக்குத்தி காணாமல் போனது. 0.7-ல் ரோஸும் பச்சை நிழலுமாக அருமையான பேனர் கிடைத்தது, அதில் இருந்தது வேறொரு பெண்மணி. கண்ட்ரோல்நெட் தாடை வரி, புடவைக் கரை மாதிரியான கோடுகளைப் பிடித்து வைக்கும். ஒருவரை அவராகக் காட்டுவது அந்தக் கோடுகளுக்கு நடுவே இருக்கும் இமையின் கனமும் கன்னத்தின் சதையும்தான், அது அதன் பிடியில் இல்லை. வீட்டு முகப்பு, கோயில் கோபுரம், பழைய கார் இதற்கெல்லாம் உங்கள் முறையே வேகம், அங்கே நானும் அதைத்தான் எடுப்பேன்.

சுமதி, அம்பத்தூர்: எங்க தாத்தா போட்டோ கருப்பு வெள்ளை, ஓரத்துல கரையான் தின்னிருக்கு. இதே மாதிரி செஞ்சு கலராக்கிடலாமா?

இது வேறு வேலை அம்மா. முழுப் படத்தையும் மாடலிடம் கொடுத்து மாற்றச் சொல்லாதீர்கள். 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து, கரையான் தின்ற இடத்தை மட்டும் மாஸ்க் போட்டு நிரப்பச் சொல்லுங்கள், கலர் அதற்கப்புறம். அரிப்பு முகத்துக்குள் வந்திருந்தால் நிரப்புவது மாடலின் ஊகம்தான். தாத்தாவின் வேறொரு போட்டோ உறவுக்காரர் யாரிடமாவது இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

பிரபு, பெரம்பூர்: Qwen ஓட்டிப் பாத்தேன். முகம் நல்லா நிக்குது, ஆனா ஏதோ வெளிநாட்டு போஸ்டர் மாதிரி வருது, நம்ம ஊரு பேனர் இல்ல. எங்க பெரியப்பா வரைஞ்ச 24 பேனரோட படம் இருக்கு. அதை வெச்சு செக்பாயிண்ட்டையே பழக்கலாமா?

24 படத்துக்கு முழு செக்பாயிண்டைப் பழக்கினால் அந்த 24-ஐ மனப்பாடம் செய்துவிட்டு மற்றதை மறக்கத் தொடங்கும். லோராவுக்கான இடம் இதுதான். பெரியப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

எடிட்டிங் மாடலின் லோராவுக்கு ஜோடி வேண்டும், முன்னால் போட்டோ, பின்னால் ஓவியம். உங்களிடம் ஓவியம் மட்டும்தான் இருக்கிறது, அதனால் தலைகீழாகப் போங்கள். ஒவ்வொரு பேனரையும் மாடலிடம் கொடுத்து, முகமும் நிற்கும் விதமும் மாறாமல் நிஜப் போட்டோவாக்கித் தரச் சொல்லுங்கள். கண் மாறியது, பெயிண்ட் மிச்சமிருப்பது இவற்றைக் கழித்தால் பதினைந்து, பதினெட்டு ஜோடி தேறும். பழக்கும்போது மாடல் செய்த போட்டோ உள்ளே போகும் பக்கம், பெரியப்பாவின் ஓவியம் வெளியே வரும் பக்கம். மாடல் செய்த பிழைகள் உள்ளே போகும் பக்கத்தோடு நின்றுவிடும், லோரா வரையக் கற்றுக்கொள்வது அவர் கையிலிருந்து மட்டும். மாற்றிப் போட்டால் எல்லாம் வீண்.

பழக்க 12 ஜிபி போதாது, சில மணி நேரத்துக்குப் பெரிய கார்டு வாடகைக்கு எடுங்கள். லோராவின் கொள்ளளவைச் சொல்லும் ரேங்க்கை 16 வைத்து, 250 படிக்கு ஒரு முறை சேமித்து, பழக்கத்தில் இல்லாத போட்டோவில் சோதியுங்கள். கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர், மீசை இல்லாத பையன் ஒருவன் கட்டாயம் இருக்கட்டும். பையனுக்கு மீசை முளைத்தால் அளவு தாண்டிவிட்டது, முந்தைய சேமிப்புக்குத் திரும்புங்கள். ஓட்டும்போது லோராவின் பலத்தை 0.8-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்புறம், இந்த லோராவைக் கார்த்திக்கின் SDXL-இல் போட முடியாது, எந்த மாடலில் பழக்கினோமோ அந்தக் குடும்பத்தில்தான் ஓடும்.

மீனா, தாம்பரம்: குரூப் போட்டோல பின் வரிசை முகமெல்லாம் குழைஞ்சு போகுது. வேற மாடல் மாத்தணுமா?

மாடல் மாற்றிப் பயனில்லை. இங்கே பேசிய மூன்று மாடலும் படத்தை நீளத்திலும் அகலத்திலும் எட்டில் ஒரு பங்காகச் சுருக்கித்தான் உள்ளே வேலை செய்கின்றன. 60 பிக்சல் அகல முகம் உள்ளே ஏழெட்டுக் கட்டம்தான், அதில் யாரையும் அடையாளம் வைக்க முடியாது. படத்தை ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற மாதிரி மூன்று துண்டாக வெட்டி, பெரிதாக்கி, தனித்தனியே மாற்றி ஒட்டுங்கள். எடிட்டிங் மாடல்கள் சில நேரம் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிவிடும் அல்லது நகர்த்திவிடும். ஒட்டும் முன் மூலத்தைப் பாதித் தெளிவில் மேலே வைத்துக் கண்ணோடு கண் பொருந்துகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ரமணி, திருவல்லிக்கேணி: அண்ணா, மூணு படம் ஓட்டிட்டேன். நல்லா வருது, ஆனா எல்லாரும் ரெண்டு மடங்கு சிவப்பாயிட்டாங்க. அந்த வீட்டு அம்மா மாநிறம்.

எனக்கும் இது நடக்கிறது, மனசுக்குக் கஷ்டமாகவும் இருக்கிறது. வாக்கியத்தில் Keep the original skin tone சேர்த்தால் சில படம் சரியாகும், சிலது ஆகாது. அதன்பிறகு நான் செய்வது, மூலத்தில் கன்னத்தின் நிறத்தை எடுத்து, புதுப் படத்தின் முகத்தை மட்டும் மாஸ்க் போட்டு அந்த வெளிச்ச அளவுக்கு இறக்குவது. இதில் ஒரு சிக்கல், பேனர் ஓவியர்களே கன்னத்தில் ரோஸ் ஏற்றித்தான் வரைந்தார்கள். எவ்வளவு அந்த மரபு, எவ்வளவு மாடலின் சாய்வு என்று என்னால் இன்னும் பிரிக்க முடியவில்லை. அந்த அம்மாவிடம் நிறம் இறக்கியதையும் இறக்காததையும் தாளில் அச்சடித்துக் காட்டி, எது தன்னைப் போலத் தெரிகிறது என்று அவரையே சொல்லச் சொல்லிவிட்டு மீதி 35-ஐத் தொடங்குங்கள்.