வர்க்கப்படுத்தியதும் காணாமல் போன விடைகள்

கேள்வி: √(x + 6) > x என்ற அசமன்பாட்டை இருபுறமும் வர்க்கப்படுத்தி, −2 < x < 3 என்று விடை எழுதினேன். அதற்குள் இருக்கும் எண்களைப் போட்டுப் பார்த்தால் எல்லாமே சரியாக வருகிறது. ஆனால் விடைக்குறிப்பில் −6 ≤ x < 3 என்று இருக்கிறது. சமன்பாட்டில் செய்வதைத்தானே இங்கேயும் செய்தேன், எங்கே தப்பு?
— 11ஆம் வகுப்பு மாணவர், தேவகோட்டை

பதில்: உங்கள் விடையில் இருக்கும் எண்கள் எல்லாம் சரிதான். அதில் இல்லாத எண்களில்தான் சிக்கல். −6 முதல் −2 வரை ஒரு கூட்டமே விடுபட்டுப் போயிருக்கிறது. சரிபார்த்தும் தப்பு சிக்காததற்குக் காரணம், நீங்கள் உங்கள் விடைக்குள் இருக்கும் எண்களை மட்டும் சோதித்ததுதான்.

காரைக்குடியில் நான் நடத்தும் மாலை வகுப்புக்குக் கண்டனூரிலிருந்து ஒரு பெண் பஸ்ஸில் வருவாள். இதே கணக்கில், இதே இடத்தில்தான் அவளும் நின்றாள். உங்களைப் போலக் கேட்டு எழுதாமல், "புத்தகத்துல தப்பு சார்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். நோட்டில் 0, 1, 2 மூன்றையும் போட்டுப் பார்த்திருந்தாள். 3 வராது என்பதையும் காட்டினாள்: √9 = 3, மூன்று மூன்றை விடப் பெரிதல்ல. வேலை சுத்தமாகத்தான் இருந்தது.

"−5 போட்டுப் பாரு ஆத்தா" என்றேன்.

"அது என் விடையிலேயே இல்லையே சார்?"

"அதனாலதான் போடச் சொல்றேன்."

போட்டாள். இடப்பக்கம் √1, அதாவது 1. வலப்பக்கம் −5. ஒன்று −5ஐ விடப் பெரிதுதான். அசமன்பாடு நிறைவேறுகிறது. −6 போட்டாள்: 0 > −6, அதுவும் சரி. −7 போட்டால் வர்க்கமூலத்துக்குள் −1 வந்துவிடும், ஆகவே அங்கே நிற்க வேண்டும். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு வாதம் ஆரம்பித்தாள்.

அவள் அப்பா ஆத்தங்குடிக் கல் பதிக்கிற வேலை செய்பவர். "சார், எட்டு அங்குலக் கல்லை விடப் பத்து அங்குலக் கல் பெருசு. அப்ப பரப்பும் பெருசுதானே? 10 > 8, 100 > 64. பெருசை வர்க்கம் பண்ணினா பெருசாத்தானே வரும், அது எப்படி மாறும்?"

நல்ல வாதம். பலரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லையே தவிர, மனதுக்குள் இதை நம்பித்தான் வர்க்கப்படுத்துகிறார்கள். கல்லின் பக்க அளவு ஒருநாளும் குறை எண் ஆவதில்லை. அதனால் கல் பதிக்கிறவருக்கு இந்த விதி ஆயுள் முழுக்கப் பலிக்கும். x அப்படி இல்லை, அது −5 ஆகலாம். 1 > −5 என்பதை வர்க்கப்படுத்தினால் 1 > 25 என்று வருகிறது. உண்மையான கூற்று பொய்யாகிவிட்டது. வர்க்கப்படுத்திய பிறகு கிடைத்த x + 6 > x² என்பதில் −5ஐப் போட்டால் வருவதும் இந்த 1 > 25தான். அதனால்தான் −5 விடையிலிருந்து விழுந்துவிட்டது.

இதைப் பார்த்ததும் அவள் நோட்டின் ஓரத்தில் ஒரு விதி எழுதிக்கொண்டாள்: ஒரு பக்கம் குறை எண் இருந்தால் வர்க்கப்படுத்தக் கூடாது. பெரும்பாலான வகுப்புகள் இந்த இடத்தோடு முடிந்துவிடும். தேர்வுக்கு இது போதும்தான். ஆனால் எனக்கு அதில் திருப்தியில்லை, ஏனென்றால் இந்த விதி காரணத்தைச் சொல்லவில்லை. "அப்படின்னா −1 ஏன் உன் விடைக்குள்ள இருக்கு?" என்று கேட்டேன். அங்கேயும் வலப்பக்கம் குறை எண்தான். √5 > −1, வர்க்கப்படுத்தினால் 5 > 1. ஒரு கெடுதலும் நடக்கவில்லை. −1இல் பிழைத்தது −5இல் ஏன் விழுந்தது? எல்லை ஏன் சரியாக −2இல் வருகிறது?

இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பார்க்கச் சொன்னேன். x = −6 என்றால் 0 + (−6) = −6. x = −5 என்றால் 1 + (−5) = −4. x = −2 என்றால் 2 + (−2) = 0. x = −1 என்றால் √5 − 1, ஏறத்தாழ 1.24. அதற்கு மேலே போகப் போக மிகை எண்தான். கூடுதல் குறை எண்ணாக இருக்கும் இடமெல்லாம் விடை விழுந்திருந்தது, மிகை எண்ணாக இருக்கும் இடமெல்லாம் தங்கியிருந்தது. மாறும் இடம் −2.

பிறகு இடப்பக்கத்தை a, வலப்பக்கத்தை b என்று வைத்துக்கொண்டு, ஒன்பதாம் வகுப்பிலேயே படித்த ஒன்றைத் தாளில் எழுதினேன்:

a² − b² = (a − b)(a + b)

அவள் பென்சிலை எடுத்து a + b என்பதைச் சுற்றி வட்டம் போட்டாள். "சார், வர்க்கப்படுத்துறதுங்கிறது a + bயால பெருக்குறதுதானா?" என்றாள். நான் சொல்ல வேண்டியதை அவளே சொல்லிவிட்டாள்.

அதுதான் விஷயம். a > b என்றால் a − b மிகை எண். இருபுறமும் வர்க்கப்படுத்தும்போது நாம் a − bஐ a + bயால் பெருக்குகிறோம், ஆனால் பெருக்குவது கண்ணுக்குத் தெரிவதில்லை. குறை எண்ணால் பெருக்கினால் > என்பது < ஆகத் திரும்ப வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். −2x > 6 என்று கொடுத்தால் x < −3 என்று தூக்கத்தில்கூடக் குறியைத் திருப்பிவிடுவீர்கள். இங்கே பெருக்குகிற எண் வெளியில் தெரியாததால் யாரும் திருப்புவதில்லை. a + b மிகை எண் என்றால் குறி அப்படியே இருக்கும். குறை எண் என்றால் குறி திரும்பும். பூஜ்யம் என்றால் இரண்டு வர்க்கங்களும் சமமாகிவிடும், x = −2இல் 4 = 4 என்று ஆனது போல.

இனி, சமன்பாட்டில் செய்வதைத்தானே செய்தேன் என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். √(x + 6) = x என்ற சமன்பாட்டை வர்க்கப்படுத்தினால் x² − x − 6 = 0, அதாவது (x − 3)(x + 2) = 0. கிடைப்பவை 3, −2. இதில் −2 போலி விடை: இடப்பக்கம் 2, வலப்பக்கம் −2. போட்டுப் பார்த்து நீக்கிவிடுகிறோம். a = b என்றால் a² = b² என்பதில் ஐயமே இல்லை, அதனால் உண்மையான விடை எதுவும் தொலைவதில்லை. அதிகப்படியாக ஏதாவது வரலாம், அவ்வளவுதான். கடைசியில் சரிபார்த்துக் களைந்தால் வேலை முடிந்தது.

அசமன்பாட்டில் அந்த உத்தரவாதம் இல்லை. a > b என்பதிலிருந்து a² > b² வரும் என்று சொல்ல முடியாது. a² > b² என்பதிலிருந்து a > b வரும் என்றும் சொல்ல முடியாது. அதனால் போலி விடை உள்ளே நுழைவதும் நடக்கும், நல்ல விடை வெளியே போவதும் நடக்கும். சரிபார்ப்பது போலியைக் காட்டிக்கொடுக்கும். தொலைந்ததைத் திருப்பிக் கொண்டுவராது. சமன்பாட்டுப் பழக்கம் இங்கே ஏமாற்றுவது இதனால்தான்.

குறியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், இரண்டாவது வகைத் தப்பும் தெரியும். √(x + 6) < x என்பதை வர்க்கப்படுத்தினால் x² − x − 6 > 0, அதாவது x < −2 அல்லது x > 3. உண்மையான விடை x > 3 மட்டுமே. வர்க்கமூலம் ஒருபோதும் குறை எண் ஆகாது, அது ஒரு குறை எண்ணை விடச் சிறியதாக இருக்கவே முடியாது. முதல் கணக்கில் தொலைந்த கூட்டத்தில் −2ஐ மட்டும் விட்டால் மிஞ்சும் −6 ≤ x < −2 என்பதுதான் இரண்டாவது கணக்கில் போலியாக வந்து உட்காருகிறது. −6க்குக் கீழே உள்ளவற்றுக்கு வர்க்கமூலமே கிடையாது.

தேர்வுத்தாளில் எழுதும்போது a + bஐத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். வலப்பக்கத்தின் குறியை வைத்துப் பிரிப்பதே சுலபம். முதலில் வர்க்கமூலம் இருப்பதற்கு x + 6 ≥ 0, ஆகவே x ≥ −6 என்று எழுதுங்கள். அடுத்து x < 0 என்ற நிலை. இடப்பக்கம் பூஜ்யமோ மிகை எண்ணோ, வலப்பக்கம் குறை எண். அசமன்பாடு தானாகவே உண்மை, வர்க்கப்படுத்தத் தேவையே இல்லை. இதிலிருந்து −6 ≤ x < 0 கிடைக்கிறது. பிறகு x ≥ 0 என்ற நிலை. இப்போது இரு பக்கமும் குறை எண் இல்லை, தைரியமாக வர்க்கப்படுத்தலாம்: x² − x − 6 < 0, எனவே −2 < x < 3. ஆனால் நாம் நிற்பது x ≥ 0இல், அதனால் இதிலிருந்து எடுத்துக்கொள்வது 0 ≤ x < 3 மட்டும். இரண்டையும் சேர்த்தால் −6 ≤ x < 3.

மாணவர்கள் வழுக்குவது கடைசிக்கு முந்தைய அடியில்தான். இருபடி அசமன்பாட்டின் விடை −2 < x < 3 என்று வந்ததும், எந்த நிலைக்குள் இருக்கிறோம் என்பதை மறந்து அதை அப்படியே எழுதிவிடுவார்கள். இந்தக் கணக்கில் அப்படி எழுதினாலும் இறுதி விடை தற்செயலாகச் சரியாகவே வரும், ஏனென்றால் −2 முதல் 0 வரை உள்ள பகுதி முதல் நிலையிலேயே சேர்ந்துவிட்டது. √(x + 6) < x என்பதில் அந்த அதிர்ஷ்டம் கிடையாது. ஒவ்வொரு நிலையின் தொடக்கத்திலும் x < 0, x ≥ 0 என்பதைப் பெரிதாக எழுதி அடிக்கோடு போட்டுக்கொள்ளச் சொல்வேன்.

எல்லா இடத்திலும் பயப்படத் தேவையில்லை. |x − 1| < |x + 3| போன்ற கணக்கில் இரு பக்கமும் மட்டு மதிப்பு, குறை எண் வரவே வராது. நேராக வர்க்கப்படுத்துங்கள்: x² − 2x + 1 < x² + 6x + 9, ஆகவே x > −1. நிலை பிரிக்கும் வேலையே இல்லாமல் முடிந்துவிடும். கனப்படுத்துவதிலும் ஆபத்து இல்லை. a > b என்றால் எந்தக் குறியாக இருந்தாலும் a³ > b³தான்.

கண்டனூர்ப் பெண் அடுத்த வாரம் ஒரு கணக்கைத் தானே தயாரித்துக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள்: √(2x + 3) > x. வர்க்கப்படுத்தினால் −1 < x < 3 வரும். எது தொலைந்தது என்று நீங்களும் தேடிப் பாருங்கள். விடை −3/2 ≤ x < 3.