மாதக் கட்டணமா, மணிக்கணக்கா, மிச்சத்தில் பங்கா? ஆலோசகர்கள் கேட்ட கேள்விகள்

வேலையை விட்டு வந்து தனியாக ஆலோசனை சொல்கிறவர்கள் கொங்குப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். தொழில் கைவந்தவர்கள்தான், ஆனால் கட்டணப் பேச்சு வரும்போது தடுமாறுகிறார்கள். முதலாளி "பாத்துப் பண்ணிக்கலாங்க" என்பார், இவர்களும் "சரிங்க" என்று எழுந்து வந்துவிடுவார்கள். இந்த முறை அப்படிப்பட்டவர்களின் கேள்விகளையே எடுத்திருக்கிறேன். முதல் கேள்விக்கு மட்டும் பதில் கொஞ்சம் நீளம்.

திருப்பூரில் டையிங் மாஸ்டராக இருந்துவிட்டு இப்போது தனியாக ஆலோசனை சொல்கிறேன். ஒரு சாயப்பட்டறை முதலாளி, "ரீ-டையிங் 8 சதவீதம் போகுதுங்க, பாதியாக் குறைச்சுக் குடுங்க, மிச்சமாகறதுல 15 சதவீதம் உங்களுக்கு" என்கிறார். நான் மாதம் 40,000 கேட்கலாம் என்றிருந்தேன். எதை ஏற்பது?

முதலில் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். பட்டறையில் நாளைக்கு 6 டன், மாதம் 25 நாள் ஓட்டம் என்று வைத்துக்கொண்டால் 1,50,000 கிலோ துணி. அதில் 8 சதவீதம் என்றால் 12,000 கிலோ இரண்டாம் முறை மெஷினுக்குப் போகிறது. சாயம், கெமிக்கல், நீராவி, கரண்ட், தண்ணீரைச் சுத்திகரிக்கும் செலவு எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 45 ரூபாய் என்று முதலாளி ஒப்புக்கொள்கிறார் என்போம். மாத நஷ்டம் 5,40,000. பாதியாகக் குறைத்தால் மிச்சம் 2,70,000, அதில் 15 சதவீதம் 40,500.

நீங்கள் கேட்க நினைத்த மாதக் கட்டணமும் இதுவும் ஒன்றுதானே என்று தோன்றும். அப்படியில்லை. மாதக் கட்டணத்தில் பலன் வந்தாலும் வராவிட்டாலும் 40,000 வரும். பங்கில் பாதியாகக் குறைத்தால்தான் அந்தப் பணம், 6 சதவீதத்தில் நின்றுவிட்டால் 20,250தான். முதல் இரண்டு மூன்று மாதம் ஒன்றுமே வராமலும் போகலாம். ரிஸ்க்கை நீங்கள் வாங்கிக்கொள்கிறீர்கள் என்றால் அதற்கும் விலை உண்டு. அதனால் பங்கு 25 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நான் ஒத்துக்கொள்ளச் சொல்லமாட்டேன். அப்போது முழுப் பலன் வந்தால் 67,500, அரைப் பலன் வந்தால் 33,750.

இது சதவீதப் பேச்சு. இதைவிடப் பெரிய சிக்கல் அந்த 8-ல் இருக்கிறது. அந்த எண்ணை முதலாளி எங்கிருந்து எடுத்தார்? பெரும்பாலும் சூப்பர்வைசர் வாயால் சொன்னதாக இருக்கும். கடந்த மூன்று மாத பேட்ச் கார்டுகளை வாங்கி உட்கார்ந்து எண்ணுங்கள். துணி மெஷினில் இருக்கும்போதே ஷேடு சரியில்லை என்று கொஞ்சம் சாயம் சேர்த்துச் சரிசெய்வது டாப்பிங். வெளியே எடுத்து, செக் செய்து, திரும்ப மெஷினுக்குள் போடுவது ரீ-டையிங். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் பல பட்டறைகளில் 8 என்கிறார்கள். டாப்பிங்கைக் கழித்துவிட்டு அசல் ரீ-டையிங் 5 சதவீதம் என்று வந்தால், நீங்கள் உயிரைக் கொடுத்துப் பாதியாக்கினாலும் மிச்சம் 3,750 கிலோ, பணமாக 1,68,750. உங்கள் 25 சதவீதப் பங்கு 42,000-க்குப் பக்கம்தான். எது ரீ-டையிங், எது டாப்பிங் என்பதை எழுதிக் கையெழுத்து வாங்காமல் பங்கு பேசாதீர்கள்.

அடுத்தது ஷேடு கலவை. வெள்ளையும் வெளிர் நிறமும் அதிகம் ஓடுகிற மாதத்தில் ரீ-டையிங் தானாகவே இறங்கும். கறுப்பு, நேவி, டர்க்காய்ஸ் ஆர்டர் குவிகிற மாதத்தில் ஏறும். மொத்தச் சதவீதத்தை மட்டும் வைத்து ஒப்பந்தம் போட்டால் நல்ல மாதத்தில் முதலாளி "அது ஆர்டர்னால குறைஞ்சதுங்க" என்பார். கெட்ட மாதத்தில் பழி உங்கள் மேல் விழும். ஆகவே வெளிர், நடுத்தரம், அடர்த்தி என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடிப்படைச் சதவீதம் வையுங்கள். டர்க்காய்ஸ் போன்ற தொல்லை பிடித்த ஷேடுகளைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். மாதக் கடைசியில் அந்த மாதத்து ஆர்டரை இந்தச் சதவீதங்களில் போட்டால் உங்கள் வேலை இல்லாமலே எவ்வளவு ரீ-டையிங் வந்திருக்கும் என்று தெரியும். அதிலிருந்து குறைந்த கிலோதான் பங்குக்கு உரியது.

மூன்றாவது, உங்கள் கையில் இல்லாத விஷயங்கள். பிளீச்சிங்கில் மிச்சமான பெராக்சைடு சரியாகப் போகாமல் ரியாக்டிவ் சாயத்தைக் கெடுக்கிறது என்று கண்டுபிடித்து, சாயம் போடும் முன் ஸ்ட்ரிப் வைத்துப் பார்க்கச் சொல்லலாம். சுத்திகரித்துத் திரும்ப வரும் தண்ணீரின் கடினத்தன்மையை ஷிப்டுக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லலாம். ராத்திரி ஷிப்டில் பார்த்தார்களா என்பது உங்கள் கையில் இல்லை. பர்ச்சேஸ்காரர் பாதியில் சாய சப்ளையரை மாற்றினால் அதுவும் உங்கள் கையில் இல்லை. பேட்ச் கார்டில் பெராக்சைடுக்கும் pH-க்கும் இரண்டு கட்டம் சேர்க்கச் சொல்லுங்கள். கட்டம் காலியாக இருக்கிற லாட் கெட்டால் அது உங்கள் கணக்கில் வராது என்றும், சாயத்தை மாற்றினால் அந்த ஷேடுக்கு அடிப்படைச் சதவீதத்தைத் திரும்பப் பார்க்கவேண்டும் என்றும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிப் பேசுவேன். காரணம் இன்னும் தெரியாததால் முதல் இரண்டு வாரத்துக்கு நாள் கணக்கில் கட்டணம். அதில் பேட்ச் கார்டு எண்ணுவதும் தண்ணீர் பரிசோதனையும் முடிந்துவிடும். அதன்பின் 12 மாதத்துக்கு மாதம் 20,000 நிச்சயக் கட்டணம், மேலே மிச்சத்தில் 15 சதவீதம். அடிப்படைத் தொகை இருப்பதால் பங்கை 15-க்கு இறக்குவதில் தவறில்லை. முதலாளி சொன்ன சதவீதமும் அதுவே, அவருக்கும் முகம் வாடாது. அடிப்படைச் சதவீதத்தை எண்ணிப் பார்க்க அவர் விடவில்லையென்றால் பங்குப் பேச்சையே விட்டுவிட்டு 40,000 மாதக் கட்டணத்துக்குப் போய்விடுங்கள்.

கோவையில் ஒரு பம்பு கம்பெனிக்கு மாதம் 30,000 ரீட்டெய்னர். ராத்திரி 9 மணிக்கும் போன் வருகிறது. காஸ்டிங் விலை பேசக்கூடக் கூப்பிடுகிறார்கள். மறுக்கவும் முடியவில்லை.

ரீட்டெய்னரில் அவர்கள் வாங்குவது உங்கள் கைக்கெட்டும் நேரத்தை. எவ்வளவு நேரம் என்று எழுதவில்லையென்றால் முழு நேரமும் என்று எடுத்துக்கொள்வார்கள், அதில் அவர்களைக் குறை சொல்லமுடியாது. போன், விசிட், டிராயிங் பார்த்த நேரம் எல்லாவற்றையும் ஒரு மாதம் டைரியில் குறியுங்கள். 26 மணி நேரம் வந்தால் மணிக்கு 1,150 ரூபாய்க்கு வேலை செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

அந்தத் தாளோடு போய் ஒப்பந்தத்தைத் திருத்துங்கள். மாதம் இரண்டு விசிட், வேலை நாளில் காலை 10 முதல் மாலை 6 வரை போன், டிசைனும் டெஸ்டிங்கும் மட்டும். பயன்படுத்தாத விசிட் அடுத்த மாதத்துக்கு மட்டும் போகும், அதற்கப்புறம் சேராது. மேற்கொண்டு வரும் வேலைக்கு மணிக்கணக்கு. கட்டணம் மாதத் துவக்கத்திலேயே வரவேண்டும், விலகுவதானால் இரு பக்கமும் ஒரு மாத நோட்டீஸ். "அவசரம்னா கூப்பிடுங்கண்ணா" என்று வாயால் சொல்லிக்கொள்ளலாம், அதனால் ஒன்றும் குறையாது. காகிதத்தில் இருக்கக்கூடாது.

கரூரில் இருக்கிறேன், ஏற்றுமதி ஆவண ஆலோசனை. மணிக்கு எவ்வளவு கேட்பது என்று தெரியவில்லை. சம்பளத்தில் இருந்தபோது வாங்கியதை மணிக்குப் பிரித்தால் 600 வருகிறது.

அந்த வகுத்தல் சரிவராது. வருடம் 12 லட்சம் உங்கள் கையில் நிற்கவேண்டும், ஆபீஸ், பயணம், இன்சூரன்ஸ் செலவு 3 லட்சம் என்று வையுங்கள். மொத்தம் 15 லட்சம். வேலை நாள் 240 இருந்தாலும் கட்டணம் வாங்கும் நாள் பாதிதான், மீதி வேலை தேடுவதிலும் பணம் வசூலிப்பதிலும் போய்விடும். 120 நாள், நாளைக்கு 6 மணி என்றால் 720 மணி. மணிக்கு 2,083 வருகிறது, 2,100 என்று கேளுங்கள்.

கேட்டதும் முகம் சுளிப்பார்கள் என்பதால் அரை நாளைக்கு இவ்வளவு என்று சொல்வதே நம் பக்கம் எடுபடும். வேலையின் அளவு முன்கூட்டித் தெரியாத இடத்துக்கு மணிக்கணக்கு சரி: பழைய ஃபைலைப் புரட்டிக் கோளாறு தேடுவது, வழக்கில் நிபுணர் கருத்து எழுதுவது. இருபது நிமிடத்தில் முடிக்கத் தெரிந்த வேலைக்கு வேண்டாம். அங்கே உங்கள் அனுபவமே உங்கள் வருமானத்தைக் குறைக்கும். அதற்கு ஒட்டுமொத்தமாக ஒரு தொகை சொல்லிவிடுங்கள்.

நாமக்கல்லில் லேயர் பண்ணைகளுக்குத் தீவனக் கலவை சொல்லித் தருகிறேன். பண்ணைக்காரர் லாபத்தில் 5 சதவீதம் தருகிறேன் என்கிறார்.

வேண்டாம். முட்டை விலையும் மக்காச்சோள விலையும் ஆட்டிவைக்கிற லாபத்தில் உங்கள் கலவையின் பங்கு எது என்று யாராலும் பிரித்துக் காட்டமுடியாது. ஒரு முட்டைக்கு எத்தனை கிராம் தீவனம் என்பதைப் பிடியுங்கள், அது விலையைச் சார்ந்ததல்ல. கோழியின் வயதுக்கு ஏற்ப அது மாறும் என்பதால், அதே வயதில் முந்தைய பேட்ச் எப்படி இருந்தது என்று ஒப்பிடுங்கள். மிச்சமான கிலோவைப் பணமாக்க ஒரு நிலையான விலையை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம்.

ஈரோட்டில் பட்டயக் கணக்காளராக இருக்கிறேன். ஒரு ஜவுளி வியாபாரி, வாங்கித்தரும் ஜிஎஸ்டி ரீஃபண்டில் 5 சதவீதம் கட்டணமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறார்.

கூடாது. 1949-ஆம் வருடப் பட்டயக் கணக்காளர் சட்டத்தின் முதல் அட்டவணைப்படி, விளைவைப் பொறுத்தோ லாபச் சதவீதமாகவோ கட்டணம் வாங்குவது தொழில் ஒழுங்கு மீறல். லிக்விடேட்டர், கூட்டுறவுச் சங்கத் தணிக்கையாளர் போன்ற விதிவிலக்குகள் உண்டு, உங்கள் வேலை அவற்றில் அடங்குகிறதா என்று இன்ஸ்டிட்யூட் விதியில் பார்க்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். வழக்கின் முடிவை வைத்துக் கட்டணம் பேச வழக்கறிஞர்களுக்கும் அனுமதி இல்லை. ஒரு விண்ணப்பத்துக்கு இவ்வளவு என்று நிலையான தொகை சொல்லுங்கள்.

பில் கொடுத்து மூன்று மாதமாகிறது, பணம் வரவில்லை. ஜிஎஸ்டியை மட்டும் கையிலிருந்து கட்டிவிட்டேன். - பல்லடம்

உத்யம் பதிவு இருக்கிறதா? நீங்கள் குறு அல்லது சிறு நிறுவனமாகப் பதிந்திருந்தால், எழுத்து ஒப்பந்தம் இருக்கும்போது அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் வரவேண்டும். அதைத் தாண்டித் தந்தால், தந்த வருடத்தில்தான் முதலாளி அந்தச் செலவை வருமான வரியில் கழிக்கமுடியும். மார்ச் நெருங்கும்போது அவருடைய ஆடிட்டரிடம் இதை நினைவூட்டினால் முதலாளியிடம் பேசுவதைவிட வேகமாக வேலை நடக்கும். உத்யம் எண்ணை பில்லிலேயே அச்சிடுங்கள்.

கையில் வரவேண்டிய தொகையிலும் குழம்பவேண்டாம். கட்டணம் 40,000 என்றால் 18 சதவீத ஜிஎஸ்டியோடு பில் 47,200. ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டியிருந்தால் 10 சதவீத டிடிஎஸ் அந்த 40,000-க்கு மட்டும்தான் பிடிக்கவேண்டும், உங்களுக்கு 43,200 வரும். பலனில் பங்கு பேசியிருந்தால், "மாதக் கணக்கு இரு தரப்பும் கையெழுத்திட்ட நாளில் கட்டணம் உரியதாகும்" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். பில் அந்த நாளில் போட்டால் போதும், இன்னும் முடிவாகாத தொகைக்கு முன்கூட்டியே வரி கட்ட வேண்டியிருக்காது.