பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் பெயர்களில் ஏன் தடுமாறுகிறது? பெயர்ப் பட்டியல் எவ்வளவு உதவும்?

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தின் ஒலிப்பதிவை மென்பொருளில் போட்டால் பேச்சு ஓரளவு சரியாகவே எழுத்தாகிறது. ஆட்களின் பெயர் மட்டும் எப்போதும் தப்பாக வருகிறது. பெயர்ப் பட்டியல் கொடுத்தால் சரியாகும் என்கிறார்கள். உண்மையா? எப்படிக் கொடுப்பது?

பதில்:

உண்மைதான், பட்டியல் நன்றாகவே உதவும். ஆனால் தமிழில் பெயரை அப்படியே வரிசையாக எழுதிக் கொடுத்தால் பாதிப் பலன்தான் கிடைக்கும். நான் பெங்களூரில் பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் துறையில் வேலை செய்கிறேன். அல்சூரில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தின் தமிழ்க் கூட்டங்களுக்குக் குறிப்பு தயாரிப்பதும் என் பொறுப்பு. அந்தக் கூட்டங்களில் வருவதைப் போன்ற பெயர்களைக் கொண்டே விளக்குகிறேன். எவருடைய உண்மைப் பெயரும் இதில் இல்லை.

மென்பொருள் காதில் விழுந்ததை மட்டும் வைத்து எழுதுவதில்லை. இந்த ஒலிக்கு இந்த எழுத்துகள் எந்த அளவுக்குப் பொருந்துகின்றன என்பதையும், இதுவரை வந்த சொற்களுக்கு அடுத்து இந்தச் சொல் வருவது எந்த அளவுக்கு இயல்பானது என்பதையும் சேர்த்தே அது முடிவெடுக்கிறது. "தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம்" என்பது வரை கேட்டுவிட்டால், அடுத்த சொல் மின்விசிறிச் சத்தத்தில் பாதி மங்கினாலும் "செய்யணும்" என்று எழுதிவிடும், ஏனென்றால் அந்தத் தொடரைப் பயிற்சியின்போது அது பலமுறை பார்த்திருக்கிறது. "அதை நம்ம" என்பதற்குப் பின்னால் யாருடைய பெயரும் வரலாம். சுற்றியுள்ள சொற்களிலிருந்து துணை எதுவும் கிடைக்காத அந்த இடத்தில், பயிற்சியில் அரிதாகவே பார்த்த ஒரு பெயரை ஒலியை மட்டும் நம்பி எழுத வேண்டியிருக்கிறது. பழைய மென்பொருள்களில் நிலைமை இதைவிட மோசம்: அவற்றின் உச்சரிப்பு அகராதியில் இல்லாத பெயர் எழுத்தாக வரவே முடியாது. இன்றையவை சொற்களைச் சிறு துண்டுகளாக வைத்திருப்பதால் எந்தப் பெயரையும் துண்டு துண்டாகக் கட்டிவிட முடியும்; ஆனால் அறிமுகமில்லாத பெயரின் ஒவ்வொரு இணைப்பிலும் அதன் மதிப்பெண் குறைந்துகொண்டே போகும்.

கூட்டத்தில் ஒருவர் "அதை எழிலரசி பாத்துக்கிறாங்க" என்று சொன்னதாகக் கொள்வோம். பேச்சில் பலரும் ழகரத்தை ளகரமாகவே ஒலிப்பதால் மென்பொருளுக்குக் கிடைப்பது "எளிலரசி" என்ற ஒலி. அது மனத்தில் வைத்திருக்கும் ஊகங்களில் "எளிய அரசி" ஒன்று, "எழிலரசி" இன்னொன்று. மதிப்பெண்கள் நிகழ்தகவின் இயல் மடக்கையாக, எதிர்ம எண்களாக இருக்கும். சுழியத்துக்கு எது அருகில் இருக்கிறதோ அது வெல்லும். விளக்கத்துக்காக முதலாவதற்கு -9.1 என்றும் பெயருக்கு -11.4 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி 2.3, அதாவது "எளிய அரசி" ஏறத்தாழ பத்து மடங்கு சாத்தியம் என்று மென்பொருள் கருதுகிறது. எனவே அதையே எழுதுகிறது.

பட்டியல் தலையிடும் இடம் இதுதான். பட்டியலில் உள்ள பெயரின் துண்டுகள் ஓர் ஊகத்தில் வரிசையாகப் பொருந்தும்போது ஒவ்வொரு துண்டுக்கும் சிறிது கூடுதல் மதிப்பெண் சேர்க்கப்படுகிறது. எழிலரசி நான்கு துண்டுகளாகப் பிரிகிறது என்றும் துண்டுக்கு 0.8 சேர்கிறது என்றும் வைத்தால் பெயருக்கு மொத்தம் 3.2 கூடி அதன் மதிப்பெண் -8.2 ஆகும், பெயர் வென்றுவிடும். துண்டுக்கு 0.5 மட்டும் சேர்த்திருந்தால் -9.4-இல் நின்று தோற்றிருக்கும். பேசியவர் உண்மையில் "எழில்மிகு" என்று தொடர்ந்திருந்தால், பெயர் முழுமையடையாத இடத்தில் அதுவரை சேர்த்த கூடுதலைத் திரும்ப எடுத்துவிடுவார்கள். மென்பொருள் ஒரு நேரத்தில் மிகச் சில ஊகங்களையே கையில் வைத்திருக்கும் என்பதால், இந்தக் கூடுதல் முதல் துண்டிலிருந்தே சேர வேண்டும். எழுதி முடித்தபின் பட்டியலோடு ஒப்பிடும் முறை இதற்கு ஈடாகாது. பாதி வழியில் கைவிடப்பட்ட பெயர் அந்த ஊகங்களுக்குள் இருக்கவே இருக்காது.

இனித் தமிழுக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். "சாவியை சொக்கலிங்கத்துகிட்ட குடுத்தாச்சு" என்று ஒருவர் சொல்கிறார். பட்டியலில் "சொக்கலிங்கம்" இருக்கிறது. துண்டுகள் "சொக்கலிங்க" வரை அழகாகப் பொருந்துகின்றன. அடுத்து "ம்" வர வேண்டிய இடத்தில் "த்து" வருகிறது, பொருத்தம் அறுகிறது, சேர்த்த கூடுதல் முழுவதும் திரும்ப எடுக்கப்படுகிறது. எழுத்தில் "சொல்ல லிங்கத்துகிட்ட" என்று வந்து நிற்கிறது. எழிலரசியிடம், எழிலரசிக்கு என்பவற்றில் பெயரின் எழுத்துகள் சிதையாமல் இருப்பதால் தப்பித்துவிடும். மகரத்தில் முடியும் பெயர்கள் பலவும் வேற்றுமை ஏற்கும்போது இப்படி மாறுகின்றன. னகர மெய்யில் முடிபவையும் ஓரளவு இதே கதைதான்: கணினியில் புள்ளி தனிக் குறியீடு; "செங்குட்டுவன்" என்பதன் கடைசிப் புள்ளி "செங்குட்டுவனுக்கு" என்பதில் இல்லை, ஆகவே கடைசித் துண்டு பொருந்தாமல் போகலாம். ஆங்கிலத்துக்காக எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது என்பது எனக்கு மிகுந்த வருத்தம். பட்டியல் பயன்படவில்லை என்று தமிழர்கள் கைவிடுவதற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

ஆகவே பெயரைக் கூட்டத்தில் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியெல்லாம் எழுதுங்கள்: சொக்கலிங்கம், சொக்கலிங்கத்தை, சொக்கலிங்கத்துக்கு, சொக்கலிங்கத்துகிட்ட, சொக்கலிங்கத்தோட. எழிலரசியை எல்லோரும் "எழிலக்கா" என்று அழைக்கிறார்கள் என்றால் அதுவும் பட்டியலில் இருக்க வேண்டும். உறவுமுறையோடு ஒட்டிப்போன பெயர் மென்பொருளுக்கு வேறொரு சொல். கன்னட அயலாரின் பெயர்களைத் தமிழ்ப் பேச்சில் ஒலிப்பதுபோலவே தமிழெழுத்தில் எழுதுங்கள். "நஞ்சுண்டப்பா" என்பது பட்டியல் இல்லாதபோது "நஞ்சு உண்ட அப்பா" என்று மூன்று சொல்லாகிவிடும். நீளமான, வேறு எதனோடும் குழம்பாத இத்தகைய பெயர்களுக்குத்தான் பட்டியல் மிக நன்றாக வேலை செய்கிறது.

தட்டச்சில் ஒன்றைக் கவனியுங்கள். ஸ்ரீதர், ஸ்ரீநிவாசன் போன்றவற்றில் வரும் "ஸ்ரீ" திரையில் ஒரே மாதிரி தெரிந்தாலும், ஸகரத்தில் தொடங்கி ஒரு விதமாகவும், கிரந்த ஶகரத்தில் தொடங்கி இன்னொரு விதமாகவும் கணினியில் சேமிக்கப்படலாம். உங்கள் விசைப்பலகை ஒன்றை இட, மென்பொருள் மற்றொன்றை எழுதினால் பொருத்தம் ஏற்படாது. மென்பொருள் முன்பு சரியாக எழுதிய "ஸ்ரீ"யையே நகலெடுத்துப் பட்டியலில் ஒட்டுவது எளிய வழி.

பட்டியலைப் பெரிதாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ரவி, குமார், லட்சுமி போன்றவற்றை மென்பொருள் ஏற்கெனவே அறியும். அவற்றைச் சேர்க்க வேண்டாம். குறுகிய பெயர்கள் ஆபத்தானவை. "வேலு" பட்டியலில் இருந்து, கூடுதல் மதிப்பெண்ணும் அதிகமாக இருந்தால், "வேல முடிஞ்சுது" என்று சொன்னதெல்லாம் "வேலு முடிஞ்சுது" என்று ஆகத் தொடங்கும். அத்தகைய பெயரைத் தனியாகக் கொடுக்காமல், "வேலு சார்", "வேலுகிட்ட" என்று அடுத்து வரும் சொல்லோடு சேர்த்துக் கொடுத்தால் இது பெரிதும் குறையும். கூடுதலின் அளவை நீங்களே அமைக்க முடிந்தால் குறைவாகத் தொடங்கி, பெயர்கள் சரியாகும் வரை மட்டும் சிறிது சிறிதாக உயர்த்துங்கள். கூகுள் கிளவுட் சேவையில் இந்த அளவு பொதுவாக 0 முதல் 20 வரை. எடுத்த எடுப்பில் 20 வைப்பது வேலுவைக் கூட்டம் முழுவதும் உலவவிடும்.

இலவசமாகக் கிடைக்கும் விஸ்பர் மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு வழி சற்று வேறு. அதில் மதிப்பெண் கூட்டும் பட்டியல் கிடையாது. தொடக்கக் குறிப்பாகப் பெயர்களைக் கொடுத்தால், முன்னால் பேசப்பட்டவை அவை என்று எண்ணி அந்த எழுத்துருவங்களின் பக்கம் சாயும்.

```
whisper koottam.wav --language ta --model large-v3 \
  --initial_prompt "எழிலக்கா, சொக்கலிங்கத்துகிட்ட, நஞ்சுண்டப்பா." \
  --carry_initial_prompt True
```

இந்தக் குறிப்பில் 223 துண்டுகளுக்கு மேல் இடமில்லை. மிஞ்சினால் முன்பகுதி சொல்லாமல் கொள்ளாமல் வெட்டப்பட்டு, கடைசிப் பகுதி மட்டும் நிற்கும். தமிழெழுத்து இந்த மென்பொருளில் நிறையத் துண்டுகளாக உடைவதால், ஒரு வடிவத்துக்குப் பத்துத் துண்டு என்று கணக்கிட்டாலும் இருபத்திரண்டு வடிவங்களோடு இடம் தீர்ந்துவிடும். அன்றைய கூட்டத்தில் பேசப்படக்கூடியவர்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். கடைசி வரியில் உள்ள அமைப்பு புதிய பதிப்புகளில் மட்டுமே உண்டு; அது இல்லையென்றால் பதிவின் தொடக்கப் பகுதிக்கு மட்டும் குறிப்பு போய்ச் சேரும், பின்னால் வரும் பெயர்களுக்கு எட்டாது.

பலன் கிடைத்ததா என்பதை மொத்தப் பிழை விகிதத்தைக் கொண்டு பார்க்காதீர்கள். இருபது நிமிடப் பேச்சில் 2,400 சொற்கள், அவற்றில் 36 பெயர்கள் என்றால், எல்லாப் பெயரும் தப்பாக வந்தாலும் பிழை 1.5 சதவீதம்தான் கூடும். ஒரு பதிவின் சிறு பகுதியைக் கையால் எழுதி வைத்துக்கொண்டு, சொல்லப்பட்ட பெயர்களில் எத்தனை சரியாக வந்தன, சொல்லாத இடத்தில் எத்தனை பெயர்கள் முளைத்தன என்ற இரண்டையும் தனித்தனியாக எண்ணுங்கள். இரண்டாவது எண் உயரத் தொடங்கும் இடத்தில் கூடுதலை நிறுத்திவிட வேண்டும்.

பட்டியலால் தீராதது ஒன்று உண்டு. கமலா, விமலா இருவரும் பட்டியலில் இருந்தால் இருவருக்கும் ஒரே கூடுதல்தான் சேரும். ஒலிவாங்கியிலிருந்து தொலைவில் அமர்ந்து பேசியதால் முதல் எழுத்து பதிவாகவில்லை என்றால் மென்பொருள் யாரோ ஒருவரைத் தேர்ந்துவிடும். "எளிய அரசி" என்று வந்திருந்தால் படிப்பவர் பிழை என்று உடனே கண்டுகொள்வார். கமலா கட்டிய பராமரிப்புத் தொகை விமலாவின் பெயரில் வந்தால் ஒருவருக்கும் தெரியாது. எனவே ஒத்த ஒலியுள்ள பெயர்களுக்குக் குடியிருப்பு எண்ணையும் சேர்த்துச் சொல்லும்படி கூட்டத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பணமும் பொறுப்பும் பற்றிய வரிகளில் வரும் ஒவ்வொரு பெயரையும் குறிப்பைச் சுற்றுக்கு விடுமுன் ஒலிப்பதிவை மீண்டும் கேட்டுச் சரிபாருங்கள்.