ஊர்க்காரர்களையே நிரப்பும் டீம் லீட்: பரிந்துரை போனஸை நிறுத்தலாமா?

"பெங்களூருவில் 40 பேர் கொண்ட மென்பொருள் கம்பெனி. ஆள் சேர்த்துவிட்டால் 20,000 ரூபாய் என்று அறிவித்தோம். ஒரு டீம் லீட் தன் ஊர்க்காரர்களையே நிரப்புகிறார். போனஸை நிறுத்திவிடலாமா?"

நிறுத்த வேண்டாம். பரிந்துரைப்பவரே தேர்வும் செய்கிறார், சிக்கல் அங்கேதான். ஒரு இடத்துக்கு ஆள் எடுக்கும் மேலாளருக்கும் எச்.ஆருக்கும் அந்த இடத்துக்கான போனஸ் கிடையாது என்று எழுதிவிடுங்கள். டீம் லீட் யாரையும் சொல்லலாம்; ஆனால் வேறு டீமைச் சேர்ந்த இருவர் நேர்காணல் செய்யட்டும். பரிந்துரைத்தது யார் என்று அவர்களுக்குத் தெரியக் கூடாது. சொந்தக்காரர் என்றால் அதை எச்.ஆரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

படிவத்தில் ஒரே ஒரு கேள்வி போதும்: "இவர் செய்த எந்த வேலையை நீங்கள் நேரில் பார்த்தீர்கள்?" 'நல்ல பையன்' என்று மட்டும் பதில் வந்தால், அது பரிந்துரை இல்லை, சாதாரண விண்ணப்பம்.

அப்புறம் பணம். சேர்ந்ததும் 5,000, ஆறு மாதம் முடிந்து வேலை உறுதியானதும் 15,000. நான் முன்பு இருந்த இடத்தில் முதல் நாளே முழுவதும் கொடுத்தார்கள். மூன்றே மாதத்தில் கிளம்பிப் போனவர்களைப் பரிந்துரைத்தவர்களுக்கும் போனஸ் கிடைத்துவிட்டது. போனஸ் சம்பளத்தோடு வருவதால் வரி பிடிப்பார்கள், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எழுத்துத் தேர்வில் மற்றவர்களைப் போலவே மதிப்பெண் வாங்கும் பரிந்துரை ஆட்கள், கடைசி நேர்காணலில் மட்டும் அதிகமாகத் தேறினால் அங்கே சலுகை நுழைகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைப் பாருங்கள்.