152-இல் நிற்கும் பீக்: மாஸ் ஸ்பெக்ட்ரம் கேள்வி-பதில்

நீலகிரியில் வாங்கிய விண்டர்கிரீன் தைலத்தை ஜிசி-எம்எஸ்ஸில் ஓட்டினேன். முக்கியப் பொருளுக்கு 152, 121, 120, 92, 65 வந்தன. 152தான் மூலக்கூறு அயனி என்று எப்படி உறுதி செய்வது?

எடையில் மேலே இருக்கும் பீக் என்பதால் மட்டும் நம்பிவிடாதீர்கள். அதிலிருந்து கீழே இறங்கும் இடைவெளிகளைப் பாருங்கள். 152-இலிருந்து 121-க்கு 31, அதாவது OCH3. 120-க்கு 32, அதாவது மெத்தனால். இரண்டும் ஒரு மூலக்கூறு இயல்பாக இழக்கக்கூடியவை. 4 முதல் 14 வரை ஏதாவது இடைவெளி வந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். 152 இரட்டைப்படை என்பதால் நைட்ரஜன் இல்லை, அல்லது இரட்டை எண்ணிக்கையில் இருக்கிறது.

அதே ஸ்பெக்ட்ரத்தில் 152-இன் உயரம் 45, 153-இன் உயரம் 4. இதை வைத்து வாய்பாடு சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். 4-ஐ 45-ஆல் வகுத்தால் 8.9 சதவீதம். ஒரு கார்பனுக்குச் சுமார் 1.1 என்று வைத்தால் 8 கார்பன். அதற்கு 96 போக மீதி 56. மூன்று ஆக்சிஜனும் எட்டு ஹைட்ரஜனும் சேர்ந்தால் சரியாக 56, ஆகவே C8H8O3. ஆனால் C9H12O2-உம் 152தான்! ஒரு கார்பன் வித்தியாசத்தை இந்தக் கணக்கு தாங்காது. டிடெக்டர் நிரம்பி 152 வெட்டுப்பட்டால் விகிதம் கூடித் தெரியும். நீர்த்து மறுபடி ஓட்டி, பின்னணியைக் கழித்துப் பாருங்கள்.

இங்கே துண்டுகள்தான் கைகொடுக்கும். 121-ஐ மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். மெத்தாக்ஸிபென்சைல் அயனியும் (C8H9O) 121தான். 120-இலிருந்து 92-க்கு 28 இறங்குவது CO போவதைக் காட்டுகிறது. பென்சீன் வளையத்தோடு ஒரு கார்போனைலும் சேர்ந்தால் நிறைவுறாமை 5. C8H8O3-க்கு 5 வருகிறது, C9H12O2-க்கு 4தான். உயர் துல்லியக் கருவி கிடைத்தால் வேலை இன்னும் எளிது: 152.047, 152.084 என்று இரண்டும் தனித்தனியாக நிற்கும்.

லைப்ரரி மெத்தில் சாலிசிலேட் என்கிறது. பாரா ஐசோமராக இருக்கக்கூடாதா?

120-ஐப் பாருங்கள். நைட்ரஜன் இல்லாத பொருளில் இரட்டைப்படைத் துண்டு வந்தால், பெரும்பாலும் ஒரு முழு மூலக்கூறு கழன்றிருக்கிறது என்று பொருள். பக்கத்திலேயே OH இருந்தால் அதன் ஹைட்ரஜன் மெத்தாக்ஸியோடு சேர்ந்து மெத்தனாலாகப் போய்விடும். பாரா ஐசோமரில் அந்த OH-க்குக் கை எட்டாது. அதனால் அதில் 121தான் மிக உயர்ந்த பீக். உங்கள் ஸ்பெக்ட்ரத்தில் 120 உயர்ந்து நின்றால் ஆர்த்தோதான். எனக்கு லைப்ரரி மதிப்பெண்ணைவிட இந்த ஒரு பீக்கின் மேல்தான் நம்பிக்கை.

என்னுடையது ஆல்கஹால் போல இருக்கிறது. மேல் பீக் 112. மூலக்கூறு எடை அதுதானா?

தண்ணீர் போயிருக்கலாம், 18 கூட்டிப் பாருங்கள். 1-ஆக்டனால் 130, ஆனால் 130 பெரும்பாலும் தெரியாது. OH-இன் ஹைட்ரஜனுக்குப் பதில் டிரைமெத்தில்சிலைல், அதாவது டிஎம்எஸ் சேர்த்து ஓட்டுங்கள். எடை 202 ஆகும், ஒரு மெத்தில் இழந்து 187 பளிச்சென்று வரும்.